டெமோ கிளாஸ் 15 நிமிடம்: ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கை வைத்து ஒரு முழுத் தயாரிப்பு

பங்குனி பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் ஆசிரியர் தேர்வு தொடங்கிவிடும். ஏப்ரலிலேயே புது ஆண்டைத் தொடங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் மார்ச்சில் கூப்பிடும். மெட்ரிக் பள்ளிகள் மே கடைசி வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஃபோனில் வரும் தகவல் பெரும்பாலும் இவ்வளவுதான்: "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துருங்க. ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்குங்க. சின்னதா ஒரு டெமோ இருக்குங்க."

"சரிங்க சார்" என்று ஃபோனை வைத்துவிடாதீர்கள். எந்த வகுப்பு, பாடத்தை யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை நிமிடம், எதிரில் பிள்ளைகள் இருப்பார்களா அல்லது தேர்வுக்குழு மட்டுமா, தமிழ் வழியா ஆங்கில வழியா என்பதை அங்கேயே கேளுங்கள். இதைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேட்காமல் போனால், 40 பிள்ளைகளுக்குத் தயாரித்த பாடத்தைத் தாளாளர், முதல்வர், கோஆர்டினேட்டர் என்று மூன்று பெரியவர்கள் முன்னால் நடத்த வேண்டிவரும். கரும்பலகையை நம்பிப் போனால் வெள்ளைப் பலகை இருக்கும். பையில் இரண்டு மார்க்கர், நான்கு சாக்பீஸ், ஒரு துணி எப்போதும் இருக்கட்டும். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது என்று சொன்னாலும் அதை நம்பிப் பாடம் தயாரிக்க வேண்டாம். பழக்கமில்லாத கருவியில் வயரைத் தேடுவதிலேயே மூன்று நிமிடம் ஓடிவிடும்.

பாடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், பிள்ளைகள் வழக்கமாக ஒரே மாதிரித் தப்புச் செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். தடங்கலே வராத எளிய பாடமாகப் பார்த்து எடுத்து, கடகடவென்று ஒப்பித்துவிட்டு வருகிறார்கள். அனுபவமுள்ள தலைமையாசிரியருக்கு அதில் பார்க்க எதுவும் இருக்காது. தப்பான விடை வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அவர் பார்க்கக் காத்திருக்கிறார். நடத்தும் திறமை, வகுப்பைக் கையாளும் திறமை இரண்டும் அந்த அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

அதனால் இங்கே ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்புக் கணக்கு, பகுதி வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுதல். கணக்கு 1/2 + 1/3. வரப்போகிற தப்பும் தெரிந்ததுதான்: மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்பார்கள். வேறு பாட ஆசிரியர்களும் இதே அச்சில் தங்கள் பாடத்தை வார்த்துக்கொள்ளலாம்.

பாடக்குறிப்பு: ஒரே பக்கம்

பி.எட். படிக்கும்போது எழுதிய ஆறு பக்கப் பாடக்குறிப்பை அப்படியே கொண்டுபோக வேண்டாம். குழுவில் எத்தனை பேரோ அத்தனை பிரதி, ஒவ்வொன்றும் ஒரே பக்கம். தொடங்குவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள். நேரம் போதாமல் நீங்கள் பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் மீதி எங்கே போயிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் முதலில் பார்க்கப்படுவது கற்றல் விளைவு என்ற வரி. "மாணவர்கள் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்வர்" என்று எழுதினால், புரிந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்ற கேள்வி வரும். கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள்: "வேற்றினப் பின்னங்கள் இரண்டைச் சமான பின்னங்களாக மாற்றிக் கூட்டுவர்; விடை சரி என்பதைக் காகிதப் பட்டையில் காட்டுவர்." இப்படி எழுதிவிட்டால் மீதிப் பாடம் தானே வடிவம் பெறும். பட்டை வேண்டும், பட்டையில் காட்டச் சொல்லும் ஒரு கேள்வி கடைசியில் வேண்டும்.

அடுத்தது முன்னறிவு. 1/2 என்பதும் 3/6 என்பதும் ஒன்று என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால்தான் இந்தப் பாடம் நகரும். தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்: "சமான பின்னம் தெரியாவிட்டால் இரண்டாம் கணக்கை விட்டுவிட்டு, பட்டையை வைத்து 1/2 = 3/6 என்பதை நிலைநிறுத்துவேன்." பாடக்குறிப்பில் மாற்றுவழி எழுதிக் கொண்டுவருகிறவர்கள் குறைவு. குழுவின் கண் அந்த வரியில் கட்டாயம் நிற்கும்.

நேரம் இப்படிப் பிரியும். முன்னறிவைச் சோதிக்க 2 நிமிடம், கணக்கை முன்வைத்து விடையை ஊகிக்கச் சொல்ல 1 நிமிடம், பட்டை வேலைக்கு 5, கரும்பலகையில் எழுதி நிலைநிறுத்த 4, கடைசிக் கேள்விக்கு 3. ஆக 15. வீட்டில் கடிகாரம் வைத்து ஒரு தடவையாவது வாய்விட்டு நடத்திப் பாருங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிவது, வாய்விட்டுச் சொன்னால் பதினெட்டு நிமிடம் ஆகும்.

பட்டை வெட்டும் கணக்கு

பட்டையின் நீளம் 24 செ.மீ. இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. 24-ஐ 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். பாதி 12 செ.மீ., மூன்றில் ஒன்று 8 செ.மீ., ஆறில் ஒன்று 4 செ.மீ. என்று அளவுகோலில் முழு எண்ணாகவே விழும். 25 செ.மீ. எடுத்தால் மூன்றாகப் பிரிக்கும்போது இழுபறியாகும்.

ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ., அகலம் 21 செ.மீ. நீளத்தை 24-க்கு வெட்டிவிட்டு, அகலத்தை 3 செ.மீ. வீதம் பிரித்தால் ஒரு தாளில் 7 பட்டை வரும். 30 பிள்ளைகள், இருவருக்கு ஒரு கவர் என்றால் 15 கவர். ஒவ்வொரு கவரிலும் மூன்று துண்டு: 4 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு ஆறு கட்டமாக்கிய முழு வெள்ளைப் பட்டை, 12 செ.மீ. மஞ்சள் துண்டு, 8 செ.மீ. பச்சைத் துண்டு. வெள்ளைத் தாள் 3, மஞ்சள் 2, பச்சை 1 போதும். கிழிந்தால் மாற்றிக்கொடுக்க ஒவ்வொன்றிலும் மிச்சம் இருக்கும்.

மூன்றாக மடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். இரண்டாக மடிப்பது சுலபம். மூன்றாக மடிக்கச் சொன்னால் ஆளுக்கு ஒரு அளவில் மடிப்பார்கள். பிறகு ஐந்து கட்டம் நிறைய வேண்டிய இடத்தில் நாலரைதான் நிறையும், பாடமே கெட்டுவிடும். கத்தரிக்கோலும் வேண்டாம். வெட்டிக்கொண்டே போய்விடுங்கள்.

கவர்களைக் கொடுக்கும் விதத்தில்தான் முதல் சத்தம் எழும். முதலில் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லவைத்துவிட்டு, அதன் பிறகு கவரைக் கொடுங்கள். கையில் கலர்த் தாள் வந்தபிறகு சொல்கிற எதுவும் காதில் ஏறாது. ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் இருக்கும் பிள்ளையிடம் அந்தப் பெஞ்சுக்கான கவர்களைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் விநியோகம் முடிந்துவிடும்.

எதிரில் பிள்ளைகளே இல்லாமல் குழு மட்டும் உட்கார்ந்திருந்தால் இந்தக் கவர்கள் அப்படியே பையில் இருக்கட்டும். தாளாளர் கையில் கலர்த் தாளைக் கொடுத்து மடிக்கச் சொல்வது சரிப்படாது. அதற்குப் பதிலாகச் சார்ட் தாளில் 60 செ.மீ. நீளத்துக்கு ஒரு பெரிய பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பாதி 30, மூன்றில் ஒன்று 20, ஆறில் ஒன்று 10. பலகையில் ஒட்டிக் காட்டினால் கடைசி நாற்காலிக்கும் தெரியும். பிள்ளைகள் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்டு, இரண்டு மூச்சு காத்திருந்து, "பாதியும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா ரெண்டு பை அஞ்சுன்னு சிலர் சொல்வாங்க" என்று தப்பான விடையை நீங்களே எடுத்துவையுங்கள். காத்திருக்காமல் கேள்வியும் பதிலும் நீங்களே சொல்லிக்கொண்டு போனால் வகுப்பு சொற்பொழிவாகிவிடும்.

நடத்தும்போது

முதல் கேள்வி முன்னறிவுக்கு: "1/2-ஐ ஆறு பங்காகச் சொன்னா எத்தனை பங்கு?" மூன்று பேரிடம் கேளுங்கள். கையைத் தூக்கியவர்களிடம் மட்டும் கேட்டால் வகுப்பின் நிலைமை தெரியாது. கை தூக்காத ஒருவரும் அந்த மூவரில் இருக்கவேண்டும்.

அடுத்து கணக்கு. பின்னம் என்றதும் பீட்ஸாவை வரைவது பழகிப்போய்விட்டது. கோபி, பவானிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தை வைத்துச் சொல்லலாம்: "ஒரு தோட்டத்துல பாதியில மஞ்சள் போட்டாச்சு. மூணுல ஒரு பங்குல கரும்பு. மொத்தத்துல எவ்வளவு பங்கு நட்டாச்சு? மாட்டுக்குச் சோளத்தட்டு போட எடம் மிச்சம் இருக்குமா?" திருப்பூர் நகரத்துப் பிள்ளைகளுக்குத் துணி ரோல் பொருந்தும். வட்டத்தைவிட நீளப்பட்டையில் ஒரு வசதி: துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நீளத்தைக் கண்ணால் ஒப்பிடலாம்.

கணக்கைச் சொன்னதும் விடையைக் கேட்காதீர்கள். "பாதியைவிட அதிகமா இருக்குமா, கம்மியா இருக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். எல்லாரும் அதிகம் என்பார்கள். பலகையின் வலது ஓரத்தில் அதை எழுதிவையுங்கள். இன்னும் ஒரு நிமிடத்தில் இது உங்களைக் காப்பாற்றப் போகிறது.

இப்போது விடையைக் கேளுங்கள். 2/5 வரும். "தப்பு, வேற யாரு சொல்றீங்க?" என்று தாண்டினால் டெமோ அங்கேயே சாய்ந்துவிடும். "சரி, எப்படி வந்துச்சு, சொல்லு கண்ணு" என்று கேட்டு, அவன் சொல்வதைப் பலகையில் எழுதுங்கள். பிறகு வலது ஓரத்தைக் காட்டுங்கள்: "பாதியைவிட அதிகமா வரும்னு சொன்னோம். 2/5 பாதியைவிட அதிகமா?" ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டு பங்கு அதற்கும் குறைவு. பட்டையில் பார்த்தாலும் 24-இல் 2/5 என்பது 9.6 செ.மீ.; மஞ்சள் துண்டு மட்டுமே 12 செ.மீ. கூட்டிய பிறகு முதலில் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது என்றால் எங்கோ சிக்கல் என்று பிள்ளையே சொல்லிவிடுவான். நீங்கள் தப்பு என்று சொல்லவே வேண்டியதில்லை.

வேறொரு நிலைமையும் வரலாம். டியூஷனில் குறுக்குப் பெருக்கல் படித்த பிள்ளை எடுத்தவுடனே 5/6 என்று சொல்லிவிடும். புதியவர் பலர் இங்கே திகைத்து, "வெரி குட்" என்று சொல்லிவிட்டுப் பாடம் முடிந்த மாதிரி நிற்பார்கள். "சரியான விடைதான். ஏன் ஆறு? பட்டையில காட்டு பாக்கலாம்" என்று அவனுக்கு வேலை கொடுங்கள். முறை தெரிந்த பலருக்குக் காரணம் தெரியாது.

பட்டை வேலை நடக்கும்போது நீங்கள் பலகைப் பக்கமே நிற்காதீர்கள். பெஞ்சுகளுக்கு நடுவில் நடங்கள், கடைசி வரிசை வரைக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். மஞ்சளையும் பச்சையையும் வெள்ளைப் பட்டையின்மேல் ஒட்டியவாறு வைத்தால் ஐந்து கட்டம் நிறையும், ஒரு கட்டம் மிஞ்சும். சிலர் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வைப்பார்கள், ஆறு கட்டமும் நிறைந்துவிட்டது என்பார்கள். அதைக் கண்டால் திருத்திவிட்டுப் போகாமல், பக்கத்துப் பெஞ்சின் பட்டையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தலைப்பும் தொகுதி, பகுதி, சமான பின்னம் என்ற சொற்களும். நடுவில் கணக்கு, அதை அழிக்கக் கூடாது. வலப்பக்கம் பிள்ளைகள் சொல்வதற்கு. நடுவில் எழுதவேண்டியது இவ்வளவுதான்:

1/2 = 3/6
1/3 = 2/6
3/6 + 2/6 = 5/6

இதை எழுதும்போது "ஆறுங்கறது பங்கோட பேரு. பேரைக் கூட்ட மாட்டோம், எத்தனை பங்குன்னு மட்டும்தான் கூட்டுவோம்" என்று சொன்னால், பகுதியை ஏன் கூட்டுவதில்லை என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கடைசி மூன்று நிமிடத்தில் 1/4 + 1/6 கொடுங்கள். பட்டையில் 6 செ.மீ.யும் 4 செ.மீ.யும் சேர்ந்து 10 செ.மீ., அதாவது 10/24 அல்லது 5/12. இந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருக்கிறது. 2, 3 இரண்டையும் பெருக்கினாலும் மீச்சிறு பொது மடங்கு எடுத்தாலும் 6 தான் வரும். 4, 6 எடுத்தால் பெருக்கலில் 24, மீச்சிறு பொது மடங்கில் 12. "பெருக்கினா தப்பா?" என்று குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார். தப்பில்லை, கடைசியில் சுருக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்று இந்தக் கணக்கை வைத்தே காட்டலாம்.

ஆங்கில வழி வகுப்பு என்றால், பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொண்டு, அதையே ஆங்கிலத்தில் ஒரு தடவை நீங்கள் சொல்லி, பிள்ளையையும் சொல்லவையுங்கள். "இங்கிலீஷ்ல சொல்லு" என்று தடுத்தால் அதற்குப்பின் வகுப்பே வாயைத் திறக்காது. உங்கள் பேச்சில் "ங்க" வந்தால் யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. பாதி வாக்கியம் ஆங்கிலம், பாதி தமிழ் என்று கலப்பதைத்தான் கவனிப்பார்கள்.

நேர்காணல் அறையில்

டெமோ முடிந்ததும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "உங்க டெமோவுல எதை மாத்துவீங்க?" என்பதாகத்தான் இருக்கும். "எல்லாம் நல்லாத்தான் போச்சுங்க" என்பது மோசமான பதில். "டைம் பத்தலைங்க" என்பதும் போதாது. குறிப்பாகச் சொல்லுங்கள்: "மூணாவது பெஞ்சுல ரெண்டு பேர் பட்டையை இடைவெளி விட்டு வெச்சாங்க. அடுத்த தடவை நான் முதல்ல பெரிய பட்டையில ஒண்ணு வெச்சுக் காட்டிட்டு அப்புறம் கவரைக் குடுப்பேன்." வகுப்பில் நடந்ததைப் பார்த்தவரால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

அதன் பிறகு வகுப்பறை நிர்வாகக் கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லும்போது "அன்பா எடுத்துச் சொல்லுவேன்" என்று நின்றுவிடாதீர்கள். அந்த நிமிடத்தில் என்ன செய்வீர்கள், வகுப்பு முடிந்தபிறகு என்ன செய்வீர்கள், யாருக்குத் தெரிவிப்பீர்கள் என்று மூன்றையும் சொன்னால் பதில் முழுமையாகும்.

"40 பேர் இருக்கற கிளாஸ், பின்னாடி மூணு பேர் பேசிக்கிட்டே இருக்காங்க. என்ன பண்ணுவீங்க?" இதற்கு ஒரு பதில்: "முதல்ல அது பாடத்தைப் பத்தின பேச்சான்னு பார்ப்பேங்க. பட்டை வேலை நடக்கறப்ப சத்தம் வரத்தான் செய்யும். வேற பேச்சுன்னா பாடத்தை நிறுத்தாம அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்துல போய் நின்னு நடத்துவேன். அதுலயும் நிக்கலைன்னா, பேரைச் சொல்லி ஒரு சின்ன வேலை குடுப்பேன், கணக்கோட அடுத்த வரியைச் சொல்லச் சொல்லுவேன். பீரியட் முடிஞ்சு தனியா கூப்பிட்டுக் கேப்பேன். மூணு நாளும் அதே மூணு பேர்னா எடத்தை மாத்திட்டு, கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லிடுவேங்க." கத்துவேன் என்று சொல்லாததற்கான காரணமும் கையில் இருக்கட்டும்: கத்தினால்தான் நிறுத்தவேண்டும் என்று பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள், அதற்குக் குறைந்த எதையும் அடுத்த வாரம் மதிக்கமாட்டார்கள்.

"வீட்டுப்பாடம் செய்யாம வர்ற பையனை?" திருப்பூரில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நிலைமை இருக்கிறது. அம்மா அப்பா இருவரும் பனியன் கம்பெனியில். ஓவர்டைம் இருந்தால் வீடு திரும்ப இரவு ஆகிவிடும். டைரியில் கையெழுத்து இல்லையென்றால் பிள்ளை அலட்சியம் என்று முடிவுகட்ட முடியாது. செய்யத் தெரியவில்லையா, மறந்துவிட்டானா, வீட்டில் உட்கார இடமோ நேரமோ இல்லையா என்று முதலில் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லுங்கள். தெரியாதவனுக்கு வகுப்பு முடியும் முன் முதல் கணக்கை அங்கேயே தொடங்கவைக்கலாம். மறப்பவனுக்கு டைரியைப் பார்த்துவிட்டு அனுப்பலாம். வீட்டில் ஆளில்லாதவனுக்குப் பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று. மதிய இடைவேளையில் சாப்பிடவிடாமல் உட்காரவைத்து எழுதவைப்பேன் என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

சில இடங்களில் தாளாளரே பெற்றோராக நடித்துக் காட்டுவார். "ஏனுங் டீச்சர், எம்பட பையன் போன வருசம் தொண்ணூறு வாங்குனான், உங்ககிட்ட வந்து அம்பத்தஞ்சு. என்ன சொல்லிக் குடுக்கறீங்க?" உங்களைச் சீண்டிப் பார்ப்பதுதான் நோக்கம். முன்பிருந்த ஆசிரியரைக் குறை சொல்வதும் பையனைக் குறை சொல்வதும் இரண்டும் குழிதான். "உக்காருங்க. அவன் நோட்டையும் பேப்பரையும் எடுத்துட்டு வர்றேன், சேர்ந்து பாத்துரலாமுங்க" என்று தொடங்கி, பேப்பரில் எந்த இடத்தில் மதிப்பெண் போயிருக்கிறது என்று ஒரே ஒரு விஷயத்தைக் காட்டி, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள், மறுபடி எந்தக் கிழமை அவரைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறீர்கள் என்று முடியுங்கள்.

அடிப்பதைப் பற்றிய கேள்வி நேராக வராது. "நம்ம காலத்துல வாத்தியார் ரெண்டு போட்டாத்தானுங்க படிச்சோம், நீங்க என்ன சொல்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே வரும். தலையாட்டிவிடாதீர்கள். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துவது, வகுப்பு முன்னால் கேலி செய்வது எல்லாம் இதற்குள் வந்துவிடும். "சட்டம் விடாதுங்க" என்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பதிலாக நீங்கள் செய்வது என்ன என்று மேலே சொன்ன சத்தக் கேள்வியின் பதிலுக்கே திரும்பிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி வந்தால் யோசிக்காமல் பதில் வரவேண்டும். ஒரு பிள்ளை தனியாக வந்து, யாரோ தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொல்கிறது. "யாருகிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்கிறது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. துருவித் துருவி விசாரிப்பதும் ஆசிரியர் வேலையல்ல. அமைதியாகக் கேட்டுக்கொண்டு, "நீ சொன்னது நல்லது, உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லி, பிள்ளை சொன்ன சொற்களை அன்றே அப்படியே எழுதிவைத்து, முதல்வரிடம் போகவேண்டும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆகவேண்டும். பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ள வழியில்லை, சொல்லாமல் விடுவதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வடமாநிலத்திலிருந்து வந்த, தமிழ் தெரியாத பிள்ளையைப் பற்றிய கேள்வி இப்போது திருப்பூர், கோவைப் பள்ளிகளில் சாதாரணம். பட்டைப் பாடம் இங்கேயும் கைகொடுக்கும். துண்டை வைத்துக் காட்டச் சொன்னால் மொழி இல்லாமலேயே அவனுக்குக் கணக்குத் தெரியுமா என்று பார்த்துவிடலாம். மொழிப் பிரச்சினையையும் கணக்குப் பிரச்சினையையும் பிரித்துப் பார்ப்பேன் என்று இதை வைத்தே சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

மதிப்பெண் சான்று, பட்டம், பி.எட். அல்லது தொடக்கக் கல்விப் பட்டயம், ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதியிருந்தால் அதன் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தகுதித் தேர்வு எட்டாம் வகுப்பு வரைக்குமான பணிக்கானது. 150 மதிப்பெண்ணில் பொதுவான தேர்ச்சி 90. தேர்ச்சி இல்லையென்றால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள், சான்று பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும்.

சம்பளம் பேசும்போது மாதத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடித்தம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை பீரியட், மாலை ஸ்டடிக்கும் ஞாயிறு வகுப்புக்கும் வரவேண்டுமா என்று கேளுங்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். தங்கும் இடமும் சாப்பாடும் தருகிற பள்ளியில் இரவு ஸ்டடி மேற்பார்வையும் வேலையோடு சேர்ந்தே வரும்.

ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுக்கலாம். சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டு முடியும் வரைக்கும் பள்ளியிலேயே இருக்கட்டும் என்றால், "நகல்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேனுங்க, ஒரிஜினல் வேற எடத்துலயும் கேக்கறாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால், எந்தெந்தச் சான்று என்று எண்ணோடு எழுதி, பள்ளி முத்திரையும் தேதியும் போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.